நேரலை உபவாச ஜெபம்: சாட்டைக் கவனிப்பதும் ஜெபக்குறிப்பை அனுமதியோடு வாசிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை யூடியூபில் நேரலையாக நடத்தும் சபைகளின் மீடியா குழுவுக்கும் ஜெபக்குழுவுக்குமாக எழுதியது இது. ஒன்றரை மணி நேரம் நடக்கிற, 100 முதல் 300 பேர் வரை பார்க்கிற கூட்டத்தை மனதில் வைத்திருக்கிறோம். கத்தோலிக்கப் பங்குகளில் ‘மன்றாட்டு’ என்று சொல்வதைத்தான் இங்கே ‘ஜெபக்குறிப்பு’ என்கிறோம்.

சாட்டில் எல்லோரும் பார்க்கத்தானே எழுதுகிறார்கள்? அதை மைக்கில் வாசிக்க தனியாக அனுமதி எதற்கு?

சாட்டில் எழுதியது சில நொடிகளில் மேலே ஏறி மறைந்துவிடும். பாஸ்டர் குரலில் வாசித்தது பதிவாகச் சேனலில் தங்கிவிடும். அந்த முப்பது வினாடியை மட்டும் வெட்டி யாராவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. வருகிற குறிப்புகளில் பெரும்பகுதி எழுதியவரைப் பற்றியதே அல்ல. அக்கா மகளுக்குக் குழந்தை இல்லை, மாமனாருக்குப் புற்றுநோய், தம்பி குடிக்கு அடிமை என்று அடுத்தவர் வாழ்க்கையில் நடப்பதைத்தான் எழுதுகிறார்கள். எழுதுகிறவர் தன் பொருட்டு அனுமதி தரலாம், அக்கா மகளின் பொருட்டுத் தர முடியாது. நம் சபைகளில் பெயர், ஊர், வியாதி என்ற மூன்றில் இரண்டு தெரிந்தாலே உறவினருக்கு ஆளைத் தெரிந்துவிடும். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுப் பெண்ணின் தைராய்டு பிரச்சினை மைக்கில் வந்தால் அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பெண்தான்.

அதனால் நாங்கள் சொல்லும் விதி ஒன்றுதான். தன்னைப் பற்றித் தானே எழுதி, பெயர் சொல்லலாம் என்று தெளிவாகச் சொன்னவருக்கு மட்டும் பெயர். மற்ற எல்லாம் பெயரும் ஊரும் இல்லாமல்.

படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும்?

கூகுள் ஃபார்ம் போதும், ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். முதல் கேள்வி ஜெபக்குறிப்பு. இரண்டாவது, இது யாருக்காக என்பது. அதற்கு நான்கு விடை வையுங்கள்: ‘எனக்காக’, ‘இன்னொருவருக்காக, அவருக்குத் தெரியும்’, ‘இன்னொருவருக்காக, அவருக்குத் தெரியாது’, ‘18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காக’. மூன்றாவதுதான் உயிரான கேள்வி. அதை இந்த வார்த்தைகளிலேயே கேட்கலாம்:

> இந்தக் கூட்டம் நேரலையாகப் போகிறது, பதிவும் சேனலில் இருக்கும். உங்கள் குறிப்பை எப்படி எடுத்துக்கொள்ளட்டும்?
> – என் பெயரோடு வாசிக்கலாம்
> – பெயரும் ஊரும் சொல்லாமல் வாசிக்கலாம்
> – வாசிக்க வேண்டாம், ஜெபக்குழு மட்டும் ஜெபித்தால் போதும்

இந்தக் கேள்வியை `Required` ஆக்குங்கள். எதையும் முன்கூட்டியே தேர்ந்து வைக்காதீர்கள். மூன்றாம் விடையை எடுத்தவருக்கும் உண்மையிலேயே ஜெபம் நடக்க வேண்டும். நேரலையில் வந்தால்தான் ஜெபம் ஏறெடுக்கப்படும் என்ற எண்ணம் மக்களுக்கு வந்துவிட்டால், எல்லோரும் விருப்பமில்லாமலே முதல் விடையை எடுப்பார்கள். அது அனுமதியே அல்ல. நான்காவது பெயர், ஐந்தாவது தொடர்பு எண். இரண்டும் கட்டாயமில்லை என்று எழுதிவிடுங்கள்.

படிவத்தை வெளியிடுமுன் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். `Settings` பக்கத்தில் `Presentation` என்பதன் கீழ் `View results summary` என்று ஒரு பொத்தான் உண்டு. அது இயங்கினால் படிவம் நிரப்பும் யார் வேண்டுமானாலும் மற்ற எல்லோருடைய குறிப்புகளையும் படிக்கலாம். வேறொரு கணக்கிலிருந்து நீங்களே ஒரு குறிப்பை அனுப்பிப் பார்த்து, அனுப்பிய பின் வரும் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பதில்கள் சேரும் ஷீட்டைப் பெயர் குறிப்பிட்ட மூன்று பேருக்கு மட்டும் திறந்து கொடுங்கள். ‘லிங்க் உள்ள எல்லோரும்’ என்று வைக்கக் கூடாது.

வயதான அம்மாமார் படிவம் நிரப்ப மாட்டார்கள். போனிலும் குரல்பதிவிலும்தான் சொல்கிறார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

போன் எடுப்பவர் கடைசியில் இரண்டு வாக்கியம் கேட்டால் போதும். “அம்மா, இதை நேரலையில் வாசிக்கட்டுமா, இல்லை நாங்கள் மட்டும் ஜெபிக்கட்டுமா?” வாசிக்கலாம் என்றால், “உங்கள் பேரைச் சொல்லட்டுமா?” பதிலை அப்போதே ஷீட்டில் எழுதி, கேட்டவர் தன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் போட வேண்டும். குரல்பதிவுக்கும் இதே கேள்வியைத் திருப்பி அனுப்புங்கள். கூட்டம் தொடங்கும்வரை பதில் வராவிட்டால் அது ‘வாசிக்க வேண்டாம்’ பட்டியலில் சேரும்.

அனுமதி இருந்தால் வந்த குறிப்பை அப்படியே வாசிக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். இது நாங்கள் உதாரணத்துக்காக எழுதியது.

> பிரைஸ் த லார்ட் பாஸ்டர். என் தங்கை சாந்தி, மேலப்பாளையம் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான். வருகிற வாரம் அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்று இருக்கிறோம். ஜெபியுங்கள். பேர் சொல்லி ஜெபிக்கலாம்.

கடைசி வாக்கியத்தை மட்டும் பார்த்தால் அனுமதி இருக்கிறது. ஆனால் அதைக் கொடுத்தவர் அக்கா. தங்கைக்குத் தெரியுமா என்றே தெரியாது. கணவரோ மாமியாரோ இந்த நேரலையைப் பார்க்கலாம். பெண்ணை அழைத்துவரும் திட்டமும் நாளும் அவர்கள் காதில் விழுந்தால் அவளுக்கு ஆபத்து. கர்ப்பமும் அவளே இன்னும் வெளியில் சொல்லாத செய்தியாக இருக்கலாம். இதிலிருந்து பெயர், ஊர், உறவு, மாதக் கணக்கு, திட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இது:

> வீட்டில் பாதுகாப்பும் சமாதானமும் தேவைப்படுகிற ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்.

அக்கா இதைக் கேட்டால் தன் குறிப்புதான் என்று தெரிந்துகொள்வார், வேறு யாருக்கும் தெரியாது. குறிப்பைச் சுருக்கும்போது இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். முழுக்குறிப்பும் ஜெபக்குழுவிடம் இருக்கிறது, அவர்கள் விவரத்தோடு ஜெபிப்பார்கள். அந்த அக்காவைக் கூட்டம் முடிந்ததும் தனியே அழைத்து, பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும் சொல்லுங்கள்.

சில விஷயங்களில் பெயரைச் சொல்வது மனவருத்தத்தோடு நிற்காது, சட்டமும் குறுக்கே வரும். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் தெரிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் போன்ற அடையாளம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெரியவர்கள் விஷயத்தில் இதே தடையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு வைத்திருக்கிறது. இந்த மூன்று வகையும் ‘வாசிக்க வேண்டாம்’ பட்டியலுக்கு நேராகப் போகட்டும், அனுப்பியவர் எந்த விடையைத் தேர்ந்திருந்தாலும் சரி.

கூட்டத்தன்று எத்தனை பேர் வேண்டும், குறிப்பு எப்படி மைக் வரை வர வேண்டும்?

கேமராவையும், நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளையும் பார்ப்பவரைத் தவிர நால்வர். இருவர் மாடரேட்டர்களாகச் சாட்டைப் பார்ப்பார்கள், ஒருவர் சீட்டு எழுதுவார், ஒருவர் வாசிப்பார். ஜெபம் நடத்துகிறவர் சாட்டைப் பார்க்கவே கூடாது. எதிரே திரை இருந்தால் கண் அங்கே போகும், கண் போனால் வாய் வாசித்துவிடும்.

படிவத்திலும் போனிலும் வந்தவற்றைக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சுருக்கி, பெரிய எழுத்தில் அச்செடுத்து வையுங்கள். வாசிப்பவர் கையில் இருக்கும் தாளில் வரிசை எண்ணும் வாசிக்க வேண்டிய வாக்கியமும் மட்டும் இருக்க வேண்டும். மூலக் குறிப்பு அதே தாளில் இருந்தால், அவசரத்தில் கண் அதைப் பிடித்துவிடும். போனைப் பார்த்து வாசிப்பதும் இதனால்தான் ஆகாது.

சாட்டில் வருவதை ஒரு மாடரேட்டர் தேர்ந்தெடுக்க, சீட்டு எழுதுபவர் பெயரில்லாமல் ஒரு வரியாக்கி, இரண்டாவது மாடரேட்டர் ஒருமுறை பார்த்த பின்பே சீட்டு மேடைக்குப் போகும். இதற்குக் குறிப்புக்கு மூன்று நிமிடம்வரை ஆகும். அதனால் முடிவுக்கு 20 நிமிடம் முன்பு, “இனி வருகிறவற்றை ஜெபக்குழு எடுத்துக்கொள்ளும், இன்று வாசிக்க நேரமில்லை” என்று அறிவித்துவிடுங்கள். அறிவிக்காவிட்டால் ஒரே குறிப்பை ஐந்து முறை அனுப்புவார்கள்.

சுருக்கிய குறிப்பு ஒன்றை நிறுத்தி வாசிக்கப் பத்து, பன்னிரண்டு வினாடி ஆகும். ஐந்து வாசித்துவிட்டு அந்த ஐந்துக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஜெபிப்பது நன்றாக அமைகிறது. இருபது குறிப்பு என்றால் ஏறக்குறைய 16 நிமிடம். ஐம்பதையும் ஒரே மூச்சில் வாசித்தால் கேட்பவர் மனது பத்தாவதிலேயே விலகிவிடும்.

ஒவ்வொரு குறிப்பையும் வாசித்த நேரத்தைச் சீட்டு எழுதுபவர் எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். அது ஏன் என்று கடைசியில் வரும்.

ஓபிஎஸ்ஸில் கணினித் திரை முழுவதையும் காட்டும் `Display Capture` வேண்டாம். பாட்டு வரிகளைக் காட்டும்போது வாட்ஸ்அப் அறிவிப்பு ஒன்று குதித்தால், யாருடைய குறிப்போ நேரலையில் போய்விடும். `Window Capture` வைத்து, அந்தக் கணினியில் வாட்ஸ்அப்பை மூடிவிடுங்கள்.

சாட்டின் அமைப்புகளில் எதை இயக்குவது, எதை விடுவது?

தாமதத்தை `Low-latency` என்று வையுங்கள். பெரும்பாலானோருக்குப் பத்து வினாடிக்குள் படம் போய்ச் சேரும். `Normal latency` சற்றுத் தெளிவான படம் தரும், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குச் சாட்டில் பதில் வருவதற்குள் கூட்டம் வேறிடம் போயிருக்கும்.

`Slow mode` சபைக் கூட்டத்துக்குப் பொதுவாக வேண்டாம். யூடியூப் சாட்டில் ஒரு செய்திக்கு 200 எழுத்துதான். தமிழில் இருபது, இருபத்தைந்து சொல்லோடு அது முடிந்துவிடும். குறிப்பை இரண்டு செய்தியாக உடைத்து எழுதுபவரை `Slow mode` பாதியில் நிறுத்திவிடும், உங்களுக்கு அரைக்குறிப்புதான் வந்து சேரும். யாராவது கூட்டமாக வந்து தொல்லை கொடுத்தால் மட்டும் அந்த நேரத்துக்கு இயக்குங்கள்.

`Block links` எப்போதும் இயங்கட்டும். சந்தேகமான செய்திகளை நிறுத்திவைக்கும் அமைப்பும் இயங்கட்டும். ஆனால் நிறுத்திவைத்தவற்றை ஒரு மாடரேட்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், வேதனையில் எழுதப்பட்ட நல்ல குறிப்புகளும் அங்கே மாட்டிக்கொள்கின்றன. `Blocked words` பட்டியலில் பணம், தொடர்பு சார்ந்த சொற்களைப் போடுங்கள். ஒரே சொல்லை நம் மக்கள் எழுதும் எல்லா விதத்திலும் போட வேண்டும்:

```
whatsapp, watsapp, வாட்ஸ்அப், வாட்சப், telegram, டெலிகிராம், gpay, ஜிபே
```

இங்கே நல்ல மனதோடு செய்யும் ஒரு தவறு உண்டு. ‘தற்கொலை’, ‘சாகணும்’ போன்ற சொற்களை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பட்டியலில் உள்ள சொல் வந்தால் நேரலைச் சாட்டில் அந்தச் செய்தி அப்படியே தடுக்கப்படும். உதவி கேட்ட ஒருவருடைய குரல் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அந்தச் சொற்களைச் சேர்க்கவே வேண்டாம்.

மேலே பின் செய்து வைக்க, எழுத்து வரம்புக்குள் அடங்கும் ஒரு அறிவிப்பு:

> ஜெபக்குறிப்பு எழுதுவோர் கவனத்திற்கு: சாட்டில் வருபவை பெயர், ஊர் இன்றியே வாசிக்கப்படும். ரகசியமானால் கீழேயுள்ள படிவத்தில் எழுதுங்கள். இங்கே பணமோ போன் எண்ணோ கேட்கமாட்டோம்.

யாராவது தன் போன் எண்ணையே சாட்டில் போட்டால் உடனே நீக்குங்கள். நீக்கிவிட்டு, “பாதுகாப்புக்காக எண்ணை எடுத்துவிட்டோம், படிவத்தில் தாருங்கள்” என்று எழுதுங்கள். காரணம் சொல்லாமல் நீக்கினால் சபை தன்னை ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பாஸ்டர் பெயரிலும் படத்திலும் யாரோ சாட்டில் வந்து, “தனியாகப் பேச இந்த எண்ணுக்கு வாருங்கள்” என்கிறார்கள். என்ன செய்வது?

குறிப்பு எழுதிய ஒருவருக்கு அடுத்த நிமிடமே இப்படிப் பதில் போகும். பிறகு ‘விசேஷ ஜெபக் காணிக்கை’ கேட்பார்கள். வேதனையில் இருப்பவர் நம்பிவிடுவார். சேனலின் சொந்தக் கணக்கு எழுதினால் பெயர் மஞ்சள் பின்னணியில் தெரியும், மாடரேட்டர் பெயர் நீல நிறத்தில் ஸ்பேனர் குறியோடு வரும். போலிக் கணக்குக்கு இரண்டும் இருக்காது. கூட்டத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் இதை வாயால் சொல்லுங்கள், பாதிப் பேர் பின் செய்ததைப் படிப்பதில்லை.

அந்தக் கணக்கைச் சில நிமிடம் மௌனமாக்குவது போதாது. `Hide user on this channel` கொடுங்கள். அவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது, மறைக்கப்பட்டதாக அவருக்கு அறிவிப்பும் போகாது. அதனால் உடனே புதுக் கணக்கோடு வர மாட்டார். அதன்பின், அவர் யாருக்குப் பதில் எழுதினாரோ அந்த நபரைப் பெயர் சொல்லிச் சாட்டில் எச்சரியுங்கள்.

சாட்டில் ஒருவர் சாகப் போவதாக எழுதினால்?

மைக்கில் வாசிக்காதீர்கள். செய்தியை உடனே நீக்கவும் வேண்டாம். முதலில் ஒரு மாடரேட்டர் அவருக்குப் பெயர் சொல்லிப் பதில் எழுத வேண்டும்: “உங்களைப் பார்த்துவிட்டோம், பேச ஆள் இருக்கிறார். இப்போதே 14416க்கு அழையுங்கள்.” அது மத்திய அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். இலங்கையிலிருந்து பார்ப்பவர் என்றால் 1926. உடனடி ஆபத்து தெரிந்தால், இந்தியாவில் 112. அதன்பின் அவருடைய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பொதுச்சாட்டிலிருந்து எடுத்துவிடலாம், மற்றவர்கள் அறிவுரை சொல்லிக் குத்துவதை அது நிறுத்தும். இரண்டாவது மாடரேட்டர் மற்ற சாட்டைப் பார்த்துக்கொள்ள, முதலாமவர் அந்த ஒருவரோடு மட்டும் இருக்கட்டும். இதற்காகத்தான் இருவர் வேண்டும் என்றோம்.

ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகக் குறிப்பு வந்தால் வழி வேறு. அதை ஜெபக்குழுவுக்குள் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். 1098க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். ரகசியம் காப்போம் என்று படிவத்தில் எழுதும்போது, “பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைத் தவிர” என்றும் சேர்த்துவிடுங்கள்.

நாங்கள் கவனமாக எழுதிக் கொடுத்தாலும் பாஸ்டர் ஜெபிக்கும்போது தனக்குத் தெரிந்த விவரங்களைச் சேர்த்துவிடுகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

நேரலைகளில் அதிகம் நடக்கும் கசிவு இதுதான், பெரும்பாலும் பாரத்தில் வருகிறது. ‘ஒரு சகோதரர்’ என்று சீட்டில் இருந்தாலும், அவர் கண்முன்னே அந்த முகம் நிற்கும். “ஆண்டவரே, போன மாதம் ஆபரேஷன் முடிந்து வந்த உம்முடைய பிள்ளை” என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, “ஐயா, இன்றைய சீட்டில் 4, 9 இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம், சீட்டில் உள்ளதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் போதும். அவர் மேல் உள்ள மரியாதையால் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். சபையில் மூத்தவர் ஒருவர் சொன்னால் இன்னும் எளிது.

ஓபிஎஸ்ஸில் `Settings` → `Advanced` → `Stream Delay` வழியாக 20 வினாடி தாமதம் வைக்கலாம். தவறு நடந்ததும் `Stop Streaming (discard delay)` கொடுத்தால் அந்த 20 வினாடி வெளியே போகாது. பிறகு மீண்டும் தொடங்கலாம், அதற்கு யூடியூபில் `Enable Auto-stop` அணைத்திருக்க வேண்டும். ஆனால் இது சாட்டின் பதிலையும் 20 வினாடி பின்னுக்குத் தள்ளும். பார்வையாளரைப் போனில் நேரடியாகப் பேசவிடும் கூட்டத்துக்கு மட்டும் இது தேவை என்பது எங்கள் எண்ணம்.

வாசித்த பிறகு, “தயவுசெய்து எடுத்துவிடுங்கள்” என்று அழைத்தால்?

காரணம் கேட்காமல் எடுங்கள். அனுமதியைக் கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலைப்பாடும்கூட. முதலில் வீடியோவை `Private` ஆக்குங்கள். சீட்டில் குறித்த நேரத்தைப் பார்த்து யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தத் துண்டை வெட்டிச் சேமியுங்கள். மாற்றம் பதிவாகச் சில மணி நேரம் ஆகலாம், அது முடிந்து, வெட்டிய இடத்தை ஒருமுறை கேட்டுப் பார்த்த பின்பே மீண்டும் பொதுவாக்குங்கள். நேரம் குறிக்காமல் விட்டிருந்தால் ஒன்றரை மணி நேரத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் யாராவது பதிவிறக்கியிருந்தால் அதை மீட்க வழியில்லை என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

`Live chat replay` எல்லாக் கூட்டத்துக்கும் அணைத்தே இருக்கட்டும். பதிவைப் பிறகு பார்ப்பவருக்கு அந்தச் சாட் தேவையில்லை. ஷீட்டில் உள்ள குறிப்புகளை 30 நாளில் அழியுங்கள், அச்செடுத்த தாள்களைக் கூட்டம் முடிந்த அன்றே கிழித்துவிடுங்கள். தாளைப் பைபிளுக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கம் பல ஜெபக்குழுக்களில் உண்டு. பாசத்தில் செய்வதுதான், ஆனால் வீட்டில் அதைப் படிப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது.

குணமாகிவிட்டது என்று சாட்சி எழுதினால் அதை வாசிக்கலாமா? முன்பே அனுமதி தந்தவர்தான்.

முன்பு தந்தது அந்தக் குறிப்புக்கு. சாட்சிக்குப் புதிதாகக் கேளுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்ற வரி இருந்தால் அதை வாசிக்காமல், எழுதியவரை அன்றே போனில் அழைத்து, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.